மாதாந்திரப் பேச்சுப் பதிவுகளில் எதை அளக்க வேண்டும்? (ஜெர்மன் பி2 தயாரிப்பு)

குறிஞ்சிப்பூ

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன். கெதே நிறுவனத்தின் பி1 தேர்வில் தேறிவிட்டேன். ஆனால் பேச்சுப் பகுதியில் 64 மதிப்பெண்தான் கிடைத்தது. 60-க்குக் கீழே போயிருந்தால் அந்தப் பகுதியை மறுபடி எழுத வேண்டியிருந்திருக்கும். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள் என்பதால், இன்னும் எட்டு மாதத்தில் அந்தத் தேர்வுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன்.

எங்கள் ஆசிரியை சொன்னபடி ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்கிறேன். நிமிடத்துக்கு எத்தனை சொல் பேசுகிறேன் என்பதை எண்ணிக் குறித்து வைக்கிறேன். நான்கு மாதத்துக் கணக்கு 62, 69, 60, 65. இந்த எண்களைப் பார்த்தால் நான்கு மாதமாக நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றுகிறது. வகுப்பில் உடன் படிப்பவர்களோ முன்பைவிட நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது? எட்டு மாதத்துக்கு எந்த எண்ணை இலக்காக வைப்பது?

கொங்கு வேந்தன்

சகோதரி, நீங்கள் எண்ணி வைத்திருப்பதே பெரிய காரியம். இலக்கை நேராக வையுங்கள். தாய்மொழியாளர்கள் நிமிடத்துக்கு 130 சொல்லுக்குமேல் பேசுகிறார்கள் என்றால், மாதத்துக்கு எட்டுச் சொல் கூட்டிக்கொண்டே போனால் எட்டு மாதத்தில் அங்கே போய்விடலாம். வானொலிச் செய்தியைக் கேட்டபடியே கூடச் சேர்ந்து சொல்லிப் பழகினால் வேகம் தானாக வரும். நான் ஆங்கிலத்தில் அப்படித்தான் முன்னேறினேன்.

ஒலியியல் மாணவன்

கொங்கு வேந்தன் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். எண்ணக்கூடிய ஒன்றை இலக்காக வைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த எண் சொற்களின் எண்ணிக்கையாக இருந்தால் ஜெர்மனில் அது ஏமாற்றும். "ட்ஸு" என்பதும் ஒரு சொல், மருத்துவமனையில் தங்கியிருக்கும் காலத்தைக் குறிக்கும் "கிராங்கன்-ஹௌஸ்-ஔஃப்-என்ட்-ஹால்ட்" என்பதும் ஒரு சொல். இரண்டாவதைத் தடுக்காமல் சொன்னவருக்கும் முதலாவதைச் சொன்னவருக்கும் ஒரே மதிப்பெண் கொடுப்பது நியாயமாகாது. எனவே அசைகளை எண்ணுங்கள். யாப்பில் வரும் நேரசை, நிரையசையை இங்கே நினைக்க வேண்டாம். ஒரு சொல்லில் எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை அசை என்று வைத்துக்கொண்டால் போதும். மேலே சொன்ன நீண்ட சொல்லில் ஆறு அசைகள் உள்ளன.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. "இஷ்... இஷ் ஹாபெ... இஷ் ஹாபெ கெஸ்டெர்ன்" என்று தடுமாறிய இடத்தில் நீங்கள் மூன்று சொல் எண்ணினீர்களா, ஆறு சொல் எண்ணினீர்களா? ஆறு என்றால், திக்கித் திரும்பச் சொன்னதெல்லாம் உங்கள் கணக்கில் வேகமாகச் சேர்ந்திருக்கிறது. தடுமாற்றம் குறையக் குறைய அந்த உபரிச் சொற்களும் குறையும். புதுச் சொற்கள் கூடும். மொத்தம் அப்படியே நிற்கும். நீங்கள் நான்கு மாதமாக அசையாமல் இருப்பது போலத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

முடிந்தால் முதல் மாதப் பதிவையும் நான்காம் மாதப் பதிவையும் எழுத்தில் இறக்கிப் பாருங்கள். எல்லா அசைகளையும் ஒருமுறை எண்ணுங்கள்; திரும்பச் சொன்னது, பாதியில் விட்டது, திருத்திச் சொன்னதில் முதலில் வந்த தவறு ஆகியவற்றை அடித்துவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். பிறகு கால் நொடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மௌனத்தையும் குறித்து, அது வாக்கியத்தின் நடுவில் வந்ததா, இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் வந்ததா என்று பக்கத்தில் எழுதுங்கள். நான்கு தலைப்புகளும் என்னவென்று சொல்லுங்கள். ஒரே முயற்சியில் பேசியவையா என்பதும் தெரிய வேண்டும்.

மேடைத்தமிழ்

பேச்சுப் பயிற்சியில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் பேச்சாளர் மன்றத்தில், ஒருவர் பேசும்போது எத்தனை முறை "ம்", "ஆ", "வந்து" என்கிறார் என்று எண்ணுவதற்கென்றே ஓர் உறுப்பினரை அமர்த்துவோம். அந்த எண் பூச்சியமாகும் வரை பேச்சாளரை விடமாட்டோம். தங்கை அவர்கள் மாதாமாதம் அதை மட்டும் எண்ணிக் குறைத்தால் போதும். அவை தானாக வசப்படும். கையசைவையும் கவனிக்க வேண்டுமாதலால் ஒலிப்பதிவைவிடக் காணொளிப் பதிவு நல்லது.

ஒலியியல் மாணவன்

ஐயா, மேடைப் பேச்சுக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். இங்கே கேள்வி அவையைக் கவர்வது பற்றியதன்று. இன்னும் முழுமையாக வசப்படாத மொழியில் வாக்கியத்தைக் கட்டிப் பேசும் திறன் வளர்கிறதா என்பது. ஜெர்மானியர்களே "எஹ்ம்" என்று சொல்லிக்கொண்டுதான் பேசுகிறார்கள். அதைப் பூச்சியமாக்க முயன்றால் கற்பவர் அந்த இடத்தில் வெறும் மௌனத்தை வைப்பார்; கேட்பவருக்கு அது இன்னும் சங்கடமாக இருக்கும்.

"எஹ்ம்" எத்தனை என்பதைவிட அது எங்கே வருகிறது என்பதுதான் செய்தி. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்து என்ன சொல்வது என்று நிறுத்துவது நாம் தமிழிலும் செய்வது. "இஷ் ஹாபெ டேம்" என்று தொடங்கிவிட்டு, அடுத்த பெயர்ச்சொல்லின் பாலைத் தேடி நிற்பது வேறு வகை. ஐரோப்பிய மொழித்திறன் சட்டகமும் சரளத்தை இப்படித்தான் பிரிக்கிறது. பி1 நிலையில், இலக்கணத்தையும் சொல்லையும் தேடி நிறுத்துவதும் திருத்துவதும், அதிலும் நீளமாகப் பேசும்போது, மிகத் தெளிவாகத் தெரியும் என்கிறது. பி2 நிலையில் தயக்கம் இருக்கலாம், ஆனால் கவனிக்கத்தக்க நீண்ட இடைவெளிகள் குறைவு, ஓட்டம் ஏறத்தாழச் சீரானது என்கிறது. ஆகவே மௌனத்தை மொத்தமாக எண்ணாமல் இடம் பிரித்து எண்ணச் சொன்னேன்.

குறிஞ்சிப்பூ

இரண்டு இரவுப் பணிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதி எடுத்துவிட்டேன். இரண்டு நிமிடப் பதிவு ஒன்றை எழுத்தில் இறக்க எனக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆனது.

முதல் மாதம்: மொத்தம் 204 அசை, உபரியை அடித்த பிறகு 160. மௌனங்கள் 44, அவற்றில் வாக்கியத்தின் நடுவில் வந்தவை 36. நான்காம் மாதம்: மொத்தம் 222 அசை, அடித்த பிறகு 196. மௌனங்கள் 41, நடுவில் வந்தவை 24.

ஆமாம், திரும்பச் சொன்ன சொற்களையெல்லாம் நான் எண்ணித்தான் வைத்திருக்கிறேன். தலைப்புகள் வரிசையாக: என் ஊர், என் ஒரு நாள் வேலை, ஞெகிழிப் பைகளைத் தடை செய்யலாமா, ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய அனுபவம். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: ஒவ்வொரு மாதமும் நான்கைந்து முறை பேசிப் பார்த்து, அவற்றில் நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டேன்.

ஒலியியல் மாணவன்

கூச்சப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் கணக்கை வைத்தே பேசுவோம்.

உபரி நீக்கிய அசைகள் நிமிடத்துக்கு 80 ஆக இருந்தன, இப்போது 98. மொத்த அசையில் பார்த்தால் 102-க்கும் 111-க்கும் உள்ள சிறு வேறுபாடுதான் தெரியும். மௌனங்களின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் முன்பு பத்தில் எட்டு வாக்கியத்தை உடைத்துக்கொண்டு வந்தன. இப்போது பத்தில் ஆறுதான் அப்படி வருகின்றன. உங்கள் வகுப்பினர் காதில் கேட்டது இந்த மாற்றமாக இருக்கக்கூடும்.

இருந்தாலும் இதை முன்னேற்றம் என்று உறுதியாகச் சொல்ல நான் இன்னும் தயங்குகிறேன். "என் ஒரு நாள் வேலை" என்ற தலைப்பை பி1 தேர்வுக்காக நீங்கள் பலமுறை பேசிப் பழகியிருப்பீர்கள். அதனால்தான் இரண்டாம் மாதம் 69 வந்திருக்கிறது. ஞெகிழி பற்றியது வாதிட வேண்டிய தலைப்பு, அதில் 60. இந்த இரண்டு எண்களும் தலைப்பை அளக்கின்றன, உங்களை அளக்கவில்லை. நான்கைந்து முயற்சிகளில் சிறந்ததை எடுத்து வைத்தது இன்னொரு கோளாறு. எத்தனையாவது முயற்சி என்பது மாதத்துக்கு மாதம் மாறியிருக்கும். ஒரே தலைப்பை ஐந்தாவது முறை பேசும்போது யாருக்கும் வேகம் கூடும். அந்த வேகம் அடுத்த தலைப்புக்குப் பெரும்பாலும் கூட வராது.

இனி இப்படிச் செய்யுங்கள். மாதக் கடைசி வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று பதிவுகள். மூன்றும் ஒரே வகைத் தலைப்பாக, கருத்துச் சொல்லிக் காரணம் கூறும் வகையாக இருக்கட்டும். பி2 தேர்வில் நீங்கள் செய்யப்போவதும் அதுதான். முப்பது தலைப்புகளை இப்போதே சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். பதிவு நாளன்று ஒன்றை எடுத்து, ஒரு நிமிடம் யோசித்து, குறிப்பு எதுவும் எழுதாமல் இரண்டு நிமிடம் பேசுங்கள். முதல் முயற்சியை மட்டும் வையுங்கள். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போடக் கூடாது.

மூன்று பதிவுகள் எதற்கென்றால், ஒரே வாரத்தில் நீங்கள் எவ்வளவு ஏறி இறங்குகிறீர்கள் என்பது தெரிய வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தைவிடச் சிறிய மாற்றத்தை மாதங்களுக்கு இடையே கண்டால் அதற்காக மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம்.

தாம்பரம் பயணி

என் அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். நான் கனடாவுக்காகப் பிரெஞ்சு படித்தபோது இதேபோல மாதப் பதிவு வைத்திருந்தேன். ஐந்தாம் மாதம் புதுக் கைபேசி வாங்கினேன். அந்த மாதம் மௌனங்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. இரண்டு வாரம் மனம் உடைந்து போனேன். பிறகு பழைய கைபேசியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோதுதான் விளங்கியது. புதியதில் இரைச்சலைத் தானாக அடக்கும் வசதி இருந்தது. வாக்கியக் கடைசியில் நான் மெல்லச் சொன்ன அசைகளை அது இரைச்சல் என்று எண்ணி விழுங்கியிருக்கிறது. கருவியை மாற்ற நேர்ந்தால் ஒரு மாதமாவது இரண்டிலும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

குறிஞ்சிப்பூ

மிக்க நன்றி அண்ணா. மௌனங்களைக் காதால் எண்ணுவது களைப்பாக இருப்பதால், ஒரு தோழி சொன்ன Praat என்ற மென்பொருளில் முயன்றேன். கோப்பைத் திறந்து, கீழே உள்ள கட்டளையைக் கொடுத்தேன்.

```
To TextGrid (silences): 100, 0, -25, 0.25, 0.1, "silent", "sounding"
```

காதால் எண்ணியபோது 40 இருந்த பதிவில் அது 9 மௌனங்களைத்தான் காட்டுகிறது. எங்கே தவறு செய்தேன்?

ஒலியியல் மாணவன்

பதிவு செய்தபோது தலைக்குமேல் மின்விசிறி ஓடியதா? கட்டளை சரியாகத்தான் இருக்கிறது. அதில் உள்ள 0.25 என்பது நாம் பேசிய கால் நொடி. -25 என்பது, பதிவின் உச்ச ஒலியைவிட 25 டெசிபெல் கீழே போனதை மௌனமாகக் கொள் என்பது. விசிறியின் இரைச்சல் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றால் நீங்கள் வாய் மூடியிருக்கும் நேரமும் பேச்சாகவே பதிவாகும். இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தொடக்கத்தில் கைபேசியை மேசையில் தட்டி வைத்த ஓசை பதிவில் இருந்தால் அதுவே உச்சமாகிவிடும். மெல்லப் பேசிய இடமெல்லாம் மௌனம் என்று வரும். எனவே விசிறியை இரண்டு நிமிடம் நிறுத்துங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள தட்டல் ஓசைகளை வெட்டுங்கள், கைபேசியை வாயிலிருந்து எப்போதும் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

இன்னொன்று: "ப", "ட", "க" போன்ற வல்லின ஒலிகளுக்கு முன் வாய் அடைபடும் சிறு இடைவெளி கால் நொடிக்கு வராது, ஆகவே அது மௌனமாக எண்ணப்படும் என்ற அச்சம் வேண்டாம். "எஹ்ம்" என்று இழுத்த இடத்தை மென்பொருள் பேச்சாகவே எண்ணும் என்பதை மட்டும் நினைவில் கொண்டு, அவற்றைக் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சிப்பூ

விசிறிதான் காரணம். நிறுத்திவிட்டுப் பேசிய பதிவில் மென்பொருள் 38 காட்டியது, நான் காதால் 40 எண்ணினேன். திருநெல்வேலிச் சித்திரை வெயிலில் இரண்டு நிமிடம் விசிறி இல்லாமல் இருப்பதுகூட இனி பயிற்சியின் ஒரு பகுதியாகிவிடும்.

ஸ்டுட்கார்ட்வாசி

நான் இங்கே 14 ஆண்டுகளாக வசிக்கிறேன். வேகம், மௌனம் எல்லாம் சரி. ஆனால் தங்கை, தேர்வாளர் இலக்கணத்தையும் பார்ப்பார். நம்மவர்கள் அடிக்கடி இடறும் இடம், காரணத்தையும் செய்தியையும் சொல்லும் துணை வாக்கியங்கள். "வைல்", "தஸ்", "வென்" என்று தொடங்கினால் வினை கடைசிக்குப் போக வேண்டும். "வைல் இஷ் கைனெ ட்ஸைட் ஹாபெ" என்பது சரி. தமிழில் வினை இயல்பாகவே கடைசியில்தான் வரும். அப்படியிருந்தும் ஆங்கில வரிசை நாக்கில் ஏறிவிடுவதால் "வைல் இஷ் ஹாபெ கைனெ ட்ஸைட்" என்று சொல்லிவிடுகிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் பேசினேன். இதையும் ஓர் இலக்காக வைத்து எண்ணலாம்: எத்தனை முறை இத்தகைய வாக்கியத்தைத் தொடங்கினீர்கள், அவற்றில் எத்தனை முறை வினை சரியான இடத்துக்குப் போனது.

கொங்கு வேந்தன்

இது எனக்கும் பிடித்திருக்கிறது. அப்படியானால் இலக்கு 100 சதவீதம் என்று வைத்துவிடலாமே.

ஒலியியல் மாணவன்

சதவீதத்தை மட்டும் வைத்தால் ஓர் ஓட்டை இருக்கிறது. துணை வாக்கியமே பேசாமல் சின்னச் சின்ன வாக்கியமாக அடுக்கிப் போகிறவர், இரண்டே இரண்டு "தஸ்" சொல்லி இரண்டையும் சரியாகச் சொன்னால் 100 சதவீதம் வந்துவிடும். மனம் அறியாமலே அப்படி ஒதுங்கும். தேர்வு நெருங்க நெருங்கப் பாதுகாப்பான வாக்கியங்களையே நாடும். ஆகவே இலக்கில் இரண்டு பாதிகள் வேண்டும்: மூன்று பதிவுகளிலும் சேர்த்துக் குறைந்தது 20 முயற்சி, அவற்றில் 80 சதவீதம் சரி. முயற்சி 20-க்குக் கீழே போனால் சதவீதத்தைக் கணக்கிடவே வேண்டாம். ஐந்தில் மூன்றுக்கும் ஐந்தில் நான்குக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு வாக்கியம். அதை 20 சதவீத முன்னேற்றம் என்று எழுதி வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

"வைல்" பற்றி எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. பேச்சுவழக்கில் ஜெர்மானியர்களே அதற்குப் பிறகு வினையை இரண்டாம் இடத்தில் வைத்துப் பேசுவது மிகச் சாதாரணம். கற்பவர் அப்படிச் சொன்னால் அதைப் பிழையாக எண்ணுவதா, விடுவதா?

ஸ்டுட்கார்ட்வாசி

உண்மைதான், என் அலுவலகத்தில் நாள் முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்களால் இரண்டு விதமாகவும் பேச முடியும்; தங்கையால் இப்போது ஒரு விதம்தான் முடிகிறது என்றால் அது பேச்சுவழக்கு ஆகாது. தேர்வு முடியும் வரை பிழையாகவே எண்ணச் சொல்வேன்.

ஒலியியல் மாணவன்

நான் "வைல்" வாக்கியங்களைத் தனிப் பத்தியில் எண்ணி, "தஸ்", "வென்", "ஓப்" ஆகியவற்றை மட்டும் இலக்கில் சேர்ப்பேன். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இடையில் மாற்றாமல் இருந்தால் போதும்.

குறிஞ்சிப்பூ

நான் ஸ்டுட்கார்ட் அண்ணன் சொன்னபடியே எல்லாவற்றையும் எண்ணுகிறேன். பழைய பதிவுகளில் தேடிப் பார்த்தேன். இரண்டாம் மாதம், நான் மிகப் பெருமையாக நினைத்த அந்தப் பதிவில், மொத்தமே இரண்டு துணை வாக்கியங்கள்தான் இருக்கின்றன, இரண்டும் சரி. மற்றதெல்லாம் "பிறகு நான் இதைச் செய்கிறேன், பிறகு அதைச் செய்கிறேன்" என்ற அடுக்கு.

இந்த வாரத்து மூன்று பதிவுகளின் கணக்கு இது. உபரி நீக்கிய அசை நிமிடத்துக்கு 91, 103, 98. மூன்றிலும் சேர்த்து மௌனங்கள் 118. வாக்கிய நடுவில் 67. துணை வாக்கிய முயற்சி 19, சரியானவை 12. இதையே தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறேன். ஒரே வாரத்தில் 12 அசை ஏறி இறங்குகிறது என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. முன்பு 62-இலிருந்து 69 ஆனதற்கு இனிப்பு வாங்கி வந்தேன்.

ஸ்டுட்கார்ட்வாசி

இன்னொரு யோசனை. பழைய பதிவுகள் நான்கிலிருந்தும் அரை நிமிடத் துண்டுகளை வெட்டி, மாதத்தைச் சொல்லாமல், வரிசையைக் கலைத்து எனக்கு அனுப்புங்கள். தமிழர் பேச்சைக் கேட்டுப் பழகாத ஒரு ஜெர்மன் நண்பரிடம் போட்டுக் காட்டி, எது எளிதாகப் புரிகிறது என்று வரிசைப்படுத்தச் சொல்கிறேன். எண்கள் சொல்லாததைக் காது சொல்லும்.

ஸ்டுட்கார்ட்வாசி (ஒரு வாரம் கழித்து)

அவர் சொன்ன வரிசை: முதலிடம் இரண்டாம் மாதம், அடுத்து நான்காம் மாதம், அடுத்து மூன்றாம் மாதம், கடைசி முதல் மாதம். இரண்டாம் மாதத்தைப் பற்றி அவர் சொன்னது, "மனப்பாடம் போலச் சீராக இருக்கிறது, ஆனால் நன்றாகப் புரிகிறது" என்று. பழகிய தலைப்பு காதையும் ஏமாற்றுகிறது என்று நானும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். முதல் மாதத்தைக் கடைசியில் வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் வேறு: இலக்கணப் பிழைகள் அவரை அவ்வளவாக உறுத்தவில்லை, ஒவ்வொரு வாக்கியத்திலும் நடுவே நின்று மறுபடி தொடங்கியதால் தொடக்கத்தை மறந்துவிட்டேன் என்றார்.

தாம்பரம் பயணி

ஒரு சந்தேகம். பி2 பேச்சுத் தேர்வில் முதல் பகுதிதான் தனியாகப் பேசுவது. இரண்டாம் பகுதி எதிரில் இருப்பவரோடு விவாதம். தனியாகக் கைபேசியைப் பார்த்துப் பேசிய பதிவில் அந்தத் திறனைப் பற்றி என்ன தெரியும்? பிரெஞ்சுத் தேர்வில் எனக்குத் தனிப்பேச்சு நன்றாக வந்தது. எதிரில் ஒருவர் குறுக்கிட்டபோது முழுவதும் குழம்பிப்போனேன்.

ஒலியியல் மாணவன்

தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். எதிராளி கேள்வி முடித்ததிலிருந்து நீங்கள் வாய் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணலாம். ஆனால் எதிராளி மாறினால் அந்த எண்ணும் மாறும். இருவர் பேச்சை மாதத்துக்கு மாதம் ஒப்பிடக்கூடிய நல்ல வழி எனக்குப் பிடிபடவில்லை. வகுப்பில் ஒரே தோழியோடு மாதம் ஒருமுறை, அவர் சம்மதத்தோடு பதிவு செய்து வைத்தால் கேட்டுப் பார்க்கவாவது உதவும். அந்தத் தோழியும் மாதத்துக்கு மாதம் வளர்வார் என்பதுதான் சிக்கல்.

குறிஞ்சிப்பூ (இரண்டு மாதம் கழித்து)

மறுபடி வந்திருக்கிறேன். சீட்டுகளிலிருந்து எடுத்த தலைப்புகளோடு இரண்டு மாதம் முடிந்துவிட்டது.

தொடக்கப் புள்ளிக்கு அடுத்த மாதம் அசைக் கணக்கு 94, 88, 96. அதைக் கண்டு நான் அழுதேவிட்டேன். மௌனங்கள் 124, நடுவில் 71. துணை வாக்கிய முயற்சி 26, சரி 19. இந்த மாதம் அசைக் கணக்கு 99, 107, 104. மௌனங்கள் 121, நடுவில் 58. முயற்சி 24, சரி 19.

அந்த முதல் மாதம் ஏன் அப்படிச் சரிந்தது? அப்போது தினமும் அரை மணி நேரம் "தஸ்", "ஓப்" வாக்கியங்களைத்தான் பயின்றேன்.

ஒலியியல் மாணவன்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். 19 முயற்சியிலிருந்து 26-க்குப் போயிருக்கிறீர்கள். வினையைக் கடைசி வரை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு நடுவிலுள்ளதைச் சொல்வது கவனத்தை நிறையத் தின்னும். அந்தக் கவனம் வேகத்திலிருந்துதான் வரும். கடினமான வாக்கியத்துக்குள் இறங்கும் மாதத்தில் சரளம் குறைவது பலருக்கும் நேர்வது. உங்கள் ஏட்டில் அசைக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் அந்தப் பயிற்சியையே கைவிட்டிருப்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதால் எது எதை இழுத்தது என்று தெரிகிறது.

இந்த மாதத்தைப் பற்றி: 99 முதல் 107 வரை என்பதும், தொடக்கத்தில் இருந்த 91 முதல் 103 வரை என்பதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, வேகம் கூடியது என்று நான் இன்னும் கையெழுத்துப் போடமாட்டேன். நடு மௌனம் 57 சதவீதத்திலிருந்து 48-க்கு இறங்கியிருப்பது கூடுதல் நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் முயற்சியின் எண்ணிக்கை குறையாமல் அது குறைந்திருக்கிறது. துணை வாக்கியத்தில் 24-க்கு 19 என்பது 79 சதவீதம், இலக்கின் விளிம்பு. தவறிய அந்த ஐந்து எவை?

குறிஞ்சிப்பூ

ஐந்தில் நான்கு "வைல்". ஒன்று, துணைவினையும் முதன்மை வினையும் சேர்ந்து கடைசியில் வரும் வாக்கியம். இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

ஸ்டுட்கார்ட்வாசி

அப்படியானால் ஒலியியல் மாணவன் சொன்ன தனிப் பத்தியை நானும் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. "வைல்" தவிர்த்த மற்றவற்றில் உங்களுக்கு ஒரே ஒரு பிழைதான். ஆனாலும் கணக்கை நடுவில் மாற்ற வேண்டாம். இரண்டு விதமாகவும் எழுதி வையுங்கள்.

மேடைத்தமிழ்

தங்கை, முதலில் நான் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இங்கே பேசியதைப் படித்தபின் எங்கள் மன்றத்துப் பழைய பதிவுகள் மூன்றை எடுத்து, தயக்கம் எங்கே வருகிறது என்று பிரித்து எண்ணினேன். நாங்கள் குறைகூறிய "வந்து" பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் வந்திருக்கிறது. ஒலியியல் மாணவனிடம் ஒரு கேள்வி: தாய்மொழியில் பேசுபவருக்கும் நடு மௌனம் இத்தனை சதவீதம் என்று ஏதாவது அளவு உண்டா?

ஒலியியல் மாணவன்

ஆளுக்கு ஆள் வேறுபடும் ஐயா. சிலர் தாய்மொழியிலேயே நிறைய நிறுத்திப் பேசுவார்கள். அவர்கள் வேற்று மொழியிலும் அப்படியே நிறுத்துவார்கள். குறிஞ்சிப்பூ, இது உங்களுக்கும் பயன்படும். அதே சீட்டுத் தலைப்பு ஒன்றில் தமிழில் இரண்டு நிமிடம் பேசி, அதே முறையில் எண்ணிப் பாருங்கள். தமிழிலேயே உங்களுக்கு நடு மௌனம் 30 சதவீதம் வந்தால், ஜெர்மனில் அதற்குக் கீழே இலக்கு வைப்பதில் பொருளில்லை.

குறிஞ்சிப்பூ

இன்று இரவுப் பணி. நாளை காலை வந்ததும் விசிறியை நிறுத்திவிட்டுப் பேசிப் பார்த்து எண்ணைப் போடுகிறேன்.